கவிதாவோடு நாலு வருஷம் ஒரே யூனிட்டில் வேலை பார்த்தவன் எழுதுவது

கவிதா, தான் க்யூசி இன்சார்ஜ் வேலை தேடுவதாகவும், கூட வேலை பார்த்தவர்கள் யாராவது இரண்டு வார்த்தை எழுதினால் உதவியாக இருக்கும் என்றும் போன வாரம் போன் செய்து சொன்னார். என்ன எழுதணும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2018 ஜூன் முதல் 2022 மார்ச் வரை திருப்பூர் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் நான் புரொடக்‌ஷன் மேனேஜர். அவர் முதல் ஒரு வருஷம் லைன் செக்கர், 2019 நடுவிலிருந்து க்யூசி இன்சார்ஜ். ரிப்போர்ட் செய்தது என்னிடம்தான். எங்களுக்குள் சொந்தமும் இல்லை, இப்போது ஒரே கம்பெனியிலும் இல்லை. அதனால் இந்த நாலு வருஷத்தில் என் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன், அதற்குப் பிறகு அவர் இரண்டு வருஷம் வேலை பார்த்த இடத்தைப் பற்றி அங்கே இருந்தவர்கள்தான் சொல்லணும்.

முதலில் துணி. கவிதாவின் உண்மையான பலம் அங்கேதான் என்று நினைக்கிறேன். தைத்து முடித்த பீஸில் டேமேஜ் கண்டுபிடிக்க ஊரில் ஆயிரம் பேர் கிடைப்பார்கள், துணி கட்டிங் டேபிளுக்குப் போகும் முன்னாடியே 'இது சரி வராது' என்று சொல்லி, அதற்குக் காரணமும் காட்டுகிறவர்கள் குறைவு.

ஒரு தடவை நேவி கலரில் சிங்கிள் ஜெர்சி, 1,400 கிலோ, காம்பாக்டிங் முடிந்து வந்தது. ஆர்டரில் கேட்டது 180 ஜிஎஸ்எம். காம்பாக்டிங் பட்டறை கொடுத்த சீட்டில் ஜிஎஸ்எம் சரி, நீளவாக்குச் சுருக்கம் 4 சதவீதம் என்று போட்டிருந்தது. ஷிப்மெண்டுக்கு நாள் கிட்ட வந்துவிட்டதால் நான் அன்று மதியமே கட்டிங்குக்கு விடச் சொல்லிவிட்டேன். கவிதா ஆறு ரோலில் வட்டக் கட்டரால் வெட்டி எடை போட்டிருக்கிறார், 1.71 கிராம், 1.72 கிராம் என்றே வந்திருக்கிறது, அதாவது 171, 172 ஜிஎஸ்எம். என் டேபிளுக்கு வந்து, "சார், டயா சரியா இருக்கு, வெயிட் மட்டும் எட்டு ஒன்பது குறையுது, துணிய நீளத்துல இழுத்து விட்டிருக்காங்கன்னு தோணுது, ஒரு நாள் குடுங்க, துவைச்சுப் பாத்துடறேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது, நேரம் இல்லை என்று குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை, கட்டிங் மாஸ்டரிடம் போய் என்னைப் பற்றிப் புலம்பவும் இல்லை. ஃபேப்ரிக் ரிப்போர்ட்டில் 'ஹோல்டு' என்று எழுதி, காரணத்தை எழுதி, "நீங்க விடச் சொன்னா கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நான் விட்டுடறேன்" என்று காகிதத்தை என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் மதியம் ரிசல்ட் வந்தது. 50 சென்டிமீட்டருக்குப் போட்ட குறி துவைத்துக் காய்ந்த பிறகு 45 அரையில் நின்றது. 9 சதவீதம். துணி திரும்பப் பட்டறைக்குப் போய், ஓவர்ஃபீட் கூட்டி மறுபடி காம்பாக்ட் ஆகி வந்தபோது 179 ஜிஎஸ்எம், சுருக்கம் நாலரை. நமக்கு இரண்டு நாள் போனது, அதை ஓவர்டைம் வைத்துப் பிடித்தோம். அந்தத் துணியை அப்படியே வெட்டியிருந்தால் கிட்டத்தட்ட எட்டாயிரம் டீஷர்ட், வாங்கினவன் வீட்டில் முதல் துவைப்பிலேயே தொப்புளுக்கு மேலே ஏறியிருக்கும், அதை எந்தச் செக்கிங் டேபிளிலும் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. இதை இவ்வளவு நீளமாக எழுதக் காரணம், அன்று தப்பான பக்கம் நின்றவன் நான்.

ஃபோர் பாயிண்ட் முறையில் ரோல் செக் செய்வது, லைட் பாக்ஸில் ஷேட் பார்ப்பது, ரப்பிங் ஃபாஸ்ட்னஸ் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும், இன்சார்ஜ் வேலைக்கு வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான், தனியாகப் புகழ ஒன்றும் இல்லை.

அப்புறம் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். 6,400 பீஸ் லாட், ஏக்யூஎல் 2.5, நார்மல் லெவலில் 200 பீஸ் எடுக்கணும், மேஜர் டிஃபெக்ட் 10 வரை பாஸ், 11 ஆனால் ஃபெயில். பையர் ஆள் வருவதற்கு முந்தின நாள் நாங்களே பார்த்தோம். சரியாகப் பதினொன்று வந்தது. அதில் ஒன்று பாட்டம் ஹெம்மில் ஒரு ஸ்கிப் ஸ்டிச், "இதைப் போய் மேஜர்னு போடறீங்களே, மைனர்ல எழுதுங்க, பெட்டி எல்லாம் டேப் ஒட்டியாச்சு" என்று பேக்கிங் இன்சார்ஜ் கெஞ்சாத குறையாகக் கேட்டார். கவிதா பையர் மேனுவலைத் திறந்து, அறுந்த தையலும் ஸ்கிப்பும் மேஜர் என்று எழுதியிருக்கிற பக்கத்தை அவரிடமே காட்டினார். பிறகு பெட்டி பிரிக்கிற வேலைக்குத் தன் பதினாலு செக்கர்களையும் கூட்டிக்கொண்டு தானும் போய் நின்றார், ராத்திரி பத்தரை வரைக்கும். ஃபெயில் என்று எழுதிவிட்டு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

பவர் டேபிளில் அவரை டெய்லர்கள் 'கவிதாக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். க்யூசி ஆளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடம் அது, தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒரு சமயம் தோள்பட்டைத் தையல் ஓரமாகப் பொடிப்பொடியாக ஊசி ஓட்டை வந்துகொண்டிருந்தது, லைன் சூப்பர்வைசர் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தார். கவிதா டேமேஜ் பீஸ்களின் பண்டில் நம்பரை எல்லாம் எடுத்து வரிசையாக எழுதி, எல்லாமே ஒரே ஓவர்லாக் மெஷினில், அதுவும் காலை டீ இடைவேளைக்கு அப்புறம் தைத்தது என்று கண்டுபிடித்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஊசியைக் கழற்றிப் பார்த்தால், பின்னல் துணிக்குப் போட வேண்டிய பால் பாயிண்டுக்குப் பதிலாக கூர்முனை ஊசி இருந்தது, காலையில் மாற்றும்போது கலந்துவிட்டிருக்கிறது. அந்தப் பெண்ணிடம் சூப்பர்வைசரை வருத்தம் தெரிவிக்க வைத்தார் என்றெல்லாம் நான் கதை சொல்லவில்லை, அது நடக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் வேலையை விட்டுப் போகவில்லை, கவிதா அந்த வாரத்திலிருந்து ஊசி மாற்றும் பதிவேட்டில் ஊசி வகைக்கும் ஒரு கட்டம் சேர்த்தார்.

தப்பும் செய்திருக்கிறார். 2020இல் ஒரு ஆர்டரில் பாடித் துணிக்கும் நெக் ரிப்புக்கும் ஷேட் சேரவில்லை, பையரின் இன்ஸ்பெக்டர் டிஎல்84 வெளிச்சத்தில் பார்த்து நிறுத்திவிட்டார். எங்கள் லைட் பாக்ஸில் அந்த பல்பு எரியாமல் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. கவிதா டி65இல் மட்டும் பார்த்து அப்ரூவ் செய்திருக்கிறார், அதில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. முன்னூற்றுச் சொச்சம் பீஸுக்கு ரிப் பிரித்து மாற்ற வேண்டியதாயிற்று. பல்பு வாங்கித் தராதது ஸ்டோர்ஸ் என்று அவர் சொல்லியிருக்கலாம், அதில் பாதி உண்மையும் இருந்தது. அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டின் முதல் வரி, 'டிஎல்84இல் பார்க்காமல் நான் அப்ரூவ் செய்தேன்' என்பது. அதற்குப் பிறகு பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கணக்கு வைக்கிற நோட்டு ஒன்று லைட் பாக்ஸ் பக்கத்திலேயே தொங்கியது, நான் வேலையை விட்டு வரும் வரைக்கும் அது நின்றதில்லை.

குழந்தைகள் ஆர்டர் எடுக்கிற கம்பெனிகளுக்கு ஒன்று: ஐந்தாறு வயது சைஸ் ஹூடி ஒன்றின் சாம்பிளில் தொப்பிக்கு நாடா கோத்து வந்தபோது, ஐரோப்பாவுக்குப் போகிற உருப்படியில் ஏழு வயதுக்குக் கீழே தொப்பியிலும் கழுத்திலும் இழுநாடா கூடாது, EN 14682இல் இருக்கிறது என்று மெர்ச்சண்டைசருக்கு முதலில் மெயில் போட்டது இவர்தான். அது அவர் வேலைப் பட்டியலிலேயே இல்லை.

இனி, எங்கே அவரை நம்பி அதிகம் ஒப்படைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே சொன்னதற்கும் மதிப்பு இருக்காது. இங்கிலீஷில் மெயில் சின்னதாக, தெளிவாக எழுதுவார், ஆனால் பையரோடு போன் காலில் பேசத் தயங்குவார், என் காலத்தில் அந்தக் கால்களை நான்தான் எடுத்தேன். எக்ஸெலில் தினசரி ரிப்போர்ட், டிஃபெக்ட் சதவீதம் வரைக்கும் போடுவார், அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. வோவன் துணியில், சட்டை பேண்ட்டில், அவருக்கு என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது, நாங்கள் செய்தது முழுக்கப் பின்னலாடை. பதினாலு பேருக்கு மேல் அவர் ஆள் வைத்து நடத்தியதை நான் பார்த்ததில்லை, அதனால் நாலைந்து யூனிட்டுக்கு ஒரே க்யூஏ மேனேஜர் தேடுகிறவர்களுக்கு அவர் பொருத்தமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, அவசரமாக 'ஓகே' வேண்டும் என்கிற மேனேஜருக்கு இவரோடு வேலை செய்வது முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். எனக்கு இருந்தது.

நூறு நூற்றைம்பது மெஷின் ஓடுகிற ஒரு நிட்வேர் யூனிட்டில், துணி வரவிலிருந்து ஃபைனல் வரைக்கும் ஒரே ஆளை நம்பி விடணும் என்றால், நான் முதலில் போன் போடுகிற ஆள் கவிதாதான். சும்மா சொல்லவில்லை, 2023இல் இப்போது இருக்கும் கம்பெனிக்கு அவரைக் கூப்பிட்டேன், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குத் தூரம் என்று வர மறுத்துவிட்டார்.

மேலே எழுதியதில் எதையாவது விவரமாகக் கேட்க வேண்டும் என்றால் கவிதாவிடம் என் நம்பர் இருக்கிறது, வாங்கிப் பேசுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் என்றால் நிதானமாகப் பேச முடியும், பகலில் லைனில் இருப்பேன், போன் எடுப்பது கஷ்டம்.