13 புள்ளிச் சிக்குக் கோலம்: படமில்லாமல் போட

அண்ணி, உங்கள் போனில் படம் திறக்காது என்பதால் நாளைக் காலை வாசலுக்கான கோலத்தை எழுத்திலேயே அனுப்புகிறேன். ஒரு தாளில் பென்சிலால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மாவைத் தொடுங்கள்.

நேர்ப்புள்ளி, 1-3-5-3-1. ஐந்து வரிசை, மொத்தம் 13 புள்ளி. மேலிருந்து வைத்துக்கொண்டு வந்தால் நடு விலகிப்போகும். அதனால் நடு வரிசையின் 5 புள்ளியை முதலில் வையுங்கள். அதில் 2, 3, 4ஆம் புள்ளிகளுக்கு நேர் மேலே மூன்று, நேர் கீழே மூன்று. பிறகு நடுப்புள்ளிக்கு நேராக உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று. புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம். குறுக்கே எவ்வளவோ மேல்கீழும் அவ்வளவே. முடிந்த கோலம் 15 அங்குல அகலம் வரும். மேல் வரிசைப் புள்ளிகள் கீழ் வரிசையின் இடுக்கில் விழுந்தால் அது ஊடுபுள்ளி. அதில் கோலக் கோடான கம்பி எதுவும் சேராது, அழித்துவிட்டு வையுங்கள்.

இனி 2-3 என்றால் இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாம் புள்ளி. சந்து என்றால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நட்டநடு இடம், குறுக்கிலும் சரி, மேல்கீழிலும் சரி. இந்தக் கோலத்தில் 16 சந்து. கம்பி எந்தச் சந்தையும் சாய்வாக, நேரே கடந்து போகும். சந்தில் திரும்பவே கூடாது. அடுத்து புள்ளியே இல்லாத ஓரத்தில் மட்டும்தான் வளையும்.

மொத்தம் மூன்று கம்பி, மூன்றும் மூடிய வளையம். ஒரே இழுப்பில் முடியாது, தேடவும் வேண்டாம்.

முதல் கம்பி பெரியது. உச்சிப் புள்ளி 1-1க்கு இடப்பக்கத்தில் தொடங்கி அதன் அடிச் சந்தை (1-1, 2-2) வலப்பக்கம் சாய்ந்து கடந்து போங்கள். அதே சாய்வில் 2-2க்கும் 2-3க்கும் நடுவே, 2-3க்கும் 3-4க்கும் நடுவே, 3-4க்கும் 3-5க்கும் நடுவே. இப்போது 3-5ஐக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி, வலம் ஏறி, மேலாக வந்து அதே சந்தைத் திரும்பக் கடந்து போங்கள். கம்பி தன்னையே வெட்டி ஒரு குமிழ் விழும். அடுத்து இடப்பக்கம் சாய்ந்து 3-4, 4-3 சந்து. 4-2, 4-3 சந்து. 4-2, 5-1 சந்து. 5-1ஐ இடப்பக்கமாக இறங்கிச் சுற்றி, அதே சந்தைத் திரும்பக் கடந்து மேலே வாருங்கள். இடப் பாதியும் இதே போல: 4-1, 4-2; 3-2, 4-1; 3-1, 3-2; குமிழ் (3-1ஐ மேலாகச் சுற்றி); 2-1, 3-2; 2-1, 2-2; உச்சிச் சந்து. 1-1ஐ வலப்பக்கமாகச் சுற்றினால் தொடங்கிய இடத்தில் சேரும். நாலு முனையிலும் குமிழ் வைத்த ஒரு சாய்சதுரம். நடுப்புள்ளி 3-3ஐ இது தொடாது.

இரண்டாம் கம்பி மூலைக்கு மூலை ஓடும் நீள வளையம். 2-3க்கும் 3-4க்கும் நடுவே தொடங்கி 2-3ஐ வலப்பக்கமாகச் சுற்றி, அதன் தலைக்கு மேல் வந்து, 2-2, 2-3 சந்தில் இறங்குங்கள். பிறகு 2-2, 3-3; 3-2, 3-3; 3-2, 4-1. 4-1ஐ இடப்பக்கமாகச் சுற்றி 4-1, 4-2 சந்தில் ஏறி, 3-3, 4-2; 3-3, 3-4; தொடங்கிய சந்து. இது மட்டும் இருக்கும்போது கோலம் கோணலாகத் தெரியும், அழித்துவிடாதீர்கள். மூன்றாம் கம்பி இதன் கண்ணாடிப் பிரதி, 2-1இலிருந்து 4-3க்கு. வந்ததும் நேராகிவிடும்.

சரிபார்க்க சந்துகளை எண்ணுங்கள். 16இலும் ஒவ்வொரு பெருக்கல் குறி இருக்க வேண்டும். ஒரு சந்தில் ஒற்றைக் கோடுதான் இருக்கிறது என்றால் அங்கே கம்பி தாண்டாமல் திரும்பியிருக்கிறது. பெரும்பாலும் 2-3, 3-4 சந்திலும் அதே போன்ற மற்ற ஏழு சந்துகளிலும்தான் இது நேரும், ஏனென்றால் பெரிய கம்பியும் நீள வளையமும் அங்கே மிக நெருங்கி ஓடுகின்றன. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி அறையில் அடைபட்டிருக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டு புள்ளி என்றாலும் அதே பிழைதான்.

கால் சுற்றுத் திருப்பினாலும் கோலம் மாறாது. குறுக்கே, நெடுக்கே, இரண்டு மூலைக்கோட்டில் என எப்படி மடித்தாலும் பாதிமேல் பாதி பொருந்தும். பொருந்தவில்லை என்றால் குமிழ்களைப் பாருங்கள். புள்ளியிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி வளையாமல் ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் சூம்பிப் போகும்.