காசி யாத்திரைக் குழுவினருக்கு: ரயிலில் படுக்கை, இருக்கை பற்றிய விதிகள்

சனிக்கிழமை மாலை சென்னை சென்ட்ரலில் இருந்து கங்கா காவேரி விரைவு ரயிலில் புறப்படும் நமது குடியிருப்போர் சங்கத்தின் 22 பேரும் இதை முழுமையாகப் படித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். இரண்டு இரவுகளும் இடையில் ஒரு முழுப் பகலும் ரயிலில் கழியும். நமக்குக் கிடைத்துள்ள படுக்கைகள் இரண்டு ஸ்லீப்பர் பெட்டிகளில் சிதறிக் கிடப்பதால், பெரும்பாலோர் முன்பின் அறியாதவர்களுடன்தான் அமர வேண்டியிருக்கும்.

மிடில் பெர்த்தை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே திறந்து வைத்திருக்கலாம். இது ரயில்வேயின் விதி. முன்பு 9 மணியாக இருந்த தொடக்க நேரம் 2017-இல் 10 மணியாக மாற்றப்பட்டது. பழைய நினைவில் 9 மணிக்கே சங்கிலியைத் தேடுவோர் நம் குழுவிலும் உண்டு. பகலில் முதுகு சாயும் பலகைதான் இரவில் மிடில் பெர்த் ஆகிறது என்பதால், அதைத் தூக்கிவிட்டால் கீழே இருப்பவர்களுக்குச் சாய்மானமும் போய்விடும், நிமிர்ந்து உட்காரவும் முடியாது. சென்ற முறை இராமேஸ்வரம் போனபோது நம்மவர் ஒருவர் எட்டரை மணிக்கே பெர்த்தைத் தூக்கி மாட்டிவிட்டார். கீழே இருந்த முதியவர் கழுத்தை முன்னால் வளைத்து, மடியில் இலைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தயிர்சாதத்தைப் பாதியிலேயே மூடிவைத்தார். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதுதான் நமக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

அந்தத் தடுப்பில் இருக்கும் அனைவரும் மனமொத்துச் சம்மதித்தால் முன்னதாகவே படுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் தயங்கினாலும் 10 மணி வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தூக்கம் வந்தால், அப்பர் பெர்த்காரரிடம் கேட்டு அங்கே சற்று நேரம் படுப்பதே நல்ல வழி, ஏனெனில் அது பகலிலும் யாருக்கும் இடைஞ்சல் தராது. அதே அளவுக்கு, மணி 10 ஆனபின் மிடில் பெர்த்காரர் கேட்டால், கீழே அரட்டையில் இருப்பவர்கள் உடனே எழுந்து வழிவிட வேண்டும். தூக்கும் முன் கீழிருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தூக்குங்கள். இரண்டு சங்கிலிகளும் கொக்கியில் முழுமையாக விழுந்திருக்கின்றனவா என்று கையால் இழுத்துப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

பகலில் லோயர் பெர்த் என்பது மூவருக்கான இருக்கை. அந்த எண் உங்கள் சீட்டில் அச்சாகியிருந்தாலும், காலை 6 முதல் இரவு 10 வரை மிடில், அப்பர் பெர்த்காரர்களுக்கும் அங்கே உட்கார உரிமை உண்டு. கால் நீட்டிப் படுத்துக்கொண்டு அவர்களை நிற்கவைக்கக் கூடாது. ஜன்னலோரத்தை லோயர் பெர்த்காரருக்கு விடுவது வழக்கம், அதை மதியுங்கள். சைடு லோயரில் பகலில் சைடு அப்பர்காரரும் எதிரெதிரே உட்காருவார், ஆனால் இரவு 10 முதல் 6 வரை அவருக்கு அந்த இருக்கையில் உரிமை இல்லை. ஆர்.ஏ.சி. சீட்டில் வருவோர் இருவராகச் சைடு லோயரை இரவிலும் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்கள் என்பதால், அவர்களிடம் இடம் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள்.

உடல்நலம் குன்றியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் ஆகியோர் குறித்த நேரத்துக்கு மேலும் படுத்திருக்க நேரிட்டால் சக பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று ரயில்வேயே சொல்கிறது. நம் குழுவில் மூட்டுவலி உள்ள நால்வருக்கு லோயர் பெர்த் கிடைக்கவில்லை. மாற்றித் தருமாறு கேட்பது நம் வேலை. மறுப்பது அடுத்தவரின் உரிமை. அவரும் பல நாட்களுக்கு முன்பே காத்திருந்து அந்தச் சீட்டை வாங்கியிருக்கலாம். எனவே ஒருமுறை பணிவாகக் கேளுங்கள், முதலில் நம்மவர்களிடையே மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டமாகப் போய்ச் சூழ்ந்து நிற்காதீர்கள்.

இந்த வண்டியில் வேலைக்காகத் தமிழ்நாடு வந்து ஊர் திரும்பும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளர்கள் நிறையப் பேர் வருவார்கள். மொழி தெரியாது என்பதற்காக அவர்களைப் பற்றித் தமிழில் உரக்கப் பேசாதீர்கள். இங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்கு நன்றாகவே புரியும். "பாயி சாஹப், தோடி ஜகஹ் தீஜியே", அதாவது 'ஐயா, கொஞ்சம் இடம் கொடுங்கள்' என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இரவு 10 மணிக்கு மேல் நீலநிற இரவு விளக்கு தவிர மற்றவற்றை அணைத்துவிடுங்கள். அலைபேசியில் பாட்டும் சுப்ரபாதமும் காதொலிப்பானில் மட்டும் ஒலிக்கட்டும். குழு ஜெபமும் பஜனையும் ஞாயிறு பகலில், அருகிலிருப்போரிடம் கேட்டபின் நடக்கும். பெர்த் தகராறு ஏதேனும் வந்தால் நீங்களே வாதாட வேண்டாம், டி.டி.இ.-யிடம் சொல்லுங்கள், அவர் கிடைக்காவிட்டால் 139 எண்ணுக்கு அழைக்கலாம்.

திங்கள் காலை இறங்க வேண்டியிருப்பதால், மிடில் பெர்த்காரர்கள் அன்று ஐந்தரைக்கே போர்வையை மடித்து, 6 மணிக்குப் பலகையை இறக்கி மாட்டிவிட வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர், யாத்திரைக் குழு