விளக்கு வைக்கிற நேரம்

எல்லாருக்கும் வணக்கம். ஆச்சி, பெரியப்பா, மாமா, அத்தை, சித்தி எல்லாரும் இருக்கிறீர்கள். திண்ணையில் இருக்கிற பிள்ளைகளே, நீங்களும் உள்ளே வந்து உட்காருங்கள். ஓண லீவுக்கு நாம் இத்தனை பேர் தக்கலை வீட்டில் ஒன்றாகச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது, அதனால் சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது ஆச்சி விளக்கு வைத்ததை எல்லாரும் பார்த்தோம். காலையில் கிழக்குப் பார்த்து ஒரு திரி, சாயங்காலம் கிழக்கும் மேற்குமாக இரண்டு, இதுதான் இந்த வீட்டு வழக்கம். நம் விளையில் விழுந்த தேங்காயை உடைத்துக் காயப்போட்டுச் செக்கில் ஆட்டிய எண்ணெய், தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்த திரி. ஆச்சி திரியை முதலில் எண்ணெயில் நன்றாக ஊறப்போட்டு, நுனியை மட்டும் விரலால் பிழிந்துவிட்டுத்தான் பொருத்துவாள். திரியை நீளமாக வெளியே இழுத்துவிட்டால் புகையும், நுனியில் கரி சேர்ந்தால் சுடர் மங்கும், அதைக் குச்சியால் தட்டிவிட வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு நம் பாட்டுக்குப் போகலாம், விளக்கை அப்படி விட்டுவிட்டுப் போக முடியாது, இரண்டு தரமாவது வந்து பார்த்தே ஆகவேண்டும். எனக்கு அதில்தான் அதன் அருமையே இருக்கிறது.

நம் பக்கத்தில் வருஷம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறேமுக்காலுக்கும் நடுவில் மறைந்துவிடும். அதனால் விளக்கு வைக்கிற நேரம் என்று சொன்னால் கடிகாரமே வேண்டாம். அந்த நேரத்துக்கு வயலுக்குப் போனவர், சந்தைக்குப் போனவர், டியூஷன் போன பிள்ளை எல்லாரும் வந்தாயிற்றா என்று ஆச்சி வாசலைப் பார்ப்பாள், வராதவர் பேரைச் சொல்லித்தான் கும்பிடுவாள். விளக்கு எதற்கு என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அது சாமிக்கு வைப்பதுதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் வீட்டில் யார் இருக்கிறார், யார் இன்னும் வரவில்லை என்று தினமும் ஒருவர் நினைத்துப் பார்க்கிறார்.

சாமித்தோப்புக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். அங்கே அய்யா வழியில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடியும் அதற்கு முன்னால் விளக்கும்தான். கும்பிட நிற்கிறவருக்கு அந்த வெளிச்சத்தில் தெரிவது அவருடைய முகம். நம் வீட்டு முறை வேறு, ஆனாலும் அதைப் பார்த்த நாளிலிருந்து விளக்கு முன்னால் நிற்கும்போது நான் என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன், இன்று யாரிடம் கடுகடுத்தேன், யாருக்குப் போன் பண்ணாமல் விட்டேன் என்று.

2017 நவம்பர் 30-ம் தேதி ஓக்கி அடித்ததே, பெரியவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பரும் வாழையும் அடியோடு சாய்ந்து, போஸ்ட்டெல்லாம் முறிந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் செத்துப் போயிற்று. கடலுக்குப் போனவர்கள் திரும்புவார்களா என்று கடற்கரை ஊர்களில் ஜனங்கள் கதறிக்கொண்டிருந்த நாட்கள் அவை. பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் கிறிஸ்தவர்கள், அவர்களும் இங்கேயே வந்துவிட்டார்கள். இதே விளக்கைச் சுற்றித்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர்கள் ஜெபம் பண்ணினார்கள், நாங்கள் நாமம் சொன்னோம், கடலில் நிற்கிறவர்களுக்காகத்தான் இரண்டுமே.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். தாத்தா போன பிறகு, இனி ஆச்சி விளக்குத் தொடக்கூடாது என்று சிலர் சொன்னார்கள். அப்பா யாரோடும் வாதாடவில்லை, அன்று சாயங்காலம் தீப்பெட்டியைக் கொண்டுவந்து ஆச்சி கையில் கொடுத்தார். அப்பா செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் நம் வீடுகளில் புருஷன் இல்லாதவள், தீட்டு, மருமகள்தான் ஏற்ற வேண்டும் என்ற பேச்செல்லாம் வேண்டாம். ஆம்பளைப் பிள்ளைகளும் ஏற்றட்டும், திரி திரிக்கவும் படிக்கட்டும்.

துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்களுக்கு ஆறரை மணி என்பது ஆபீஸ் நேரம், எனக்குத் தெரியும். பரவாயில்லை, வீட்டுக்கு வந்த பிறகு, எட்டு மணியானாலும் ஏற்றுங்கள். ஃபிளாட்டில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், தூங்கப் போகும் முன் அமர்த்திவிடுங்கள்.

அரங்கில் கிடந்த சின்ன விளக்குகளை எல்லாம் நானும் சித்தியும் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று, கூடவே ஒரு குப்பி எண்ணெயும் ஆச்சி திரித்த ஒரு கட்டுத் திரியும். போகும்போது மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த விளக்கு யாருக்கு என்று ஆச்சிதான் எடுத்துத் தருவாள். சரி, இலை போட்டாயிற்று, வாருங்கள்.