மிளகாய்த்தூளில் அஃப்ளடாக்சின்: புதிய சோதனைக்கான வேலிடேஷன் திட்டம்

ஐரோப்பாவுக்குப் போகும் மிளகாயில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் பி1-இன் உச்சவரம்பு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், பி1, பி2, ஜி1, ஜி2 நான்கும் சேர்ந்து 10. இந்த 5-க்கு அருகில் நாம் தரும் எண் நம்பத்தக்கதா என்பதுதான் கேள்வி. தவறினால் நல்ல சரக்கு திரும்பி வரும், அல்லது கெட்ட சரக்கு யாருடைய தட்டிலோ போய்ச் சேரும்.

முறை: 25 கிராம் தூளை 100 மி.லி. 80% மெத்தனாலில் 30 நிமிடம் குலுக்கி வடிகட்ட வேண்டும். 10 மி.லி. சாற்றுடன் 60 மி.லி. பாஸ்பேட் பஃபர் சேர்த்து, இம்யூனோஅஃபினிட்டி கார்ட்ரிட்ஜில் விட்டு, கழுவி, அதில் பிடிபட்ட நச்சை மெத்தனாலால் வெளியே எடுத்து, எச்பிஎல்சி-யில் ஃப்ளோரசன்ஸ் வழியே அளக்கிறோம்.

செலக்டிவிட்டி. குண்டூர் சன்னத்தின் காரமும் பியாடகியின் நிறமும் வேறுவேறு தொல்லைகள். ஆகவே குண்டூர், பியாடகி, ராமநாதபுரம் முண்டு மூன்றிலும் சுத்தமான மாதிரிகள் வேண்டும், மொத்தம் பத்து. ஜி2, ஜி1, பி2, பி1 வெளிவரும் நேரங்களில் குறுக்கிடும் சிகரம் எதுவும் மிகக் குறைந்த அளவீட்டு எல்லையின் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ரெக்கவரி. பி1-ஐ கிலோவுக்கு 1, 5, 15 மைக்ரோகிராம் அளவுகளில், அளவுக்கு ஆறு மாதிரி. ஸ்டாண்டர்டைத் தூளின் மேல் விட்டு, கரைப்பான் ஆவியானதும் ஓரிரவு வைத்துவிட்டு மறுநாள் பிரித்தெடுக்கவும். சாற்றில் சேர்த்தால் எண் அழகாக வரும், ஆனால் பிரித்தெடுக்கும் படியைப் பற்றி எதுவும் தெரியாது. ஒட்டவைத்த நச்சும் மிளகாய்க்குள் பூஞ்சை உண்டாக்கிய நச்சும் ஒன்றல்ல, எனவே இயல்பாகவே மாசுபட்ட ஒரு சரக்கையும் சேர்க்கிறோம். ஏற்பு வரம்பு 70–110%.

பிரிசிஷன். இரண்டு பேர், ஐந்து நாள், தினமும் இரட்டை மாதிரி. ஒரே நாளில் மாறுபாடு 12 சதவீதத்துக்குள்ளும் நாட்களுக்கிடையே 18-க்குள்ளும் இருக்கவேண்டும்.

ரோபஸ்ட்னஸ். இதற்குத்தான் கூடுதல் நேரம் ஒதுக்கியிருக்கிறேன். முன்னோட்டத்தில் கார்ட்ரிட்ஜில் மெத்தனாலை விட்டவுடனே இழுத்தபோது ரெக்கவரி 61%. அப்புறம் ஒரு நிமிடம் நிறுத்திவைத்து, சொட்டுச்சொட்டாக விட்டதும் 84%. முறைத்தாளில் "மெதுவாக" என்று மட்டும் எழுதினால் புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? எனவே யூடன் வடிவமைப்பில் ஏழு காரணிகளை எட்டு ஓட்டங்களில் மாற்றிப் பார்ப்போம்: மெத்தனால் 78/82%, குலுக்கும் நேரம் 25/35 நிமிடம், பஃபர் 55/65 மி.லி., ஊற்றும் வேகம் 1/3 மி.லி. நிமிடத்துக்கு, நிறுத்தும் நேரம் 30/90 நொடி, மொபைல் பேஸ் மெத்தனால் ±2%, ஓவன் ±3 டிகிரி. மேல்நிலை நான்கின் சராசரியிலிருந்து கீழ்நிலை நான்கின் சராசரியைக் கழித்தால் அந்தக் காரணியின் விளைவு, D. இங்கே s என்பது ஒரே நாள் நியம விலகல்.

```
|D| > sqrt(2) * s
```

இதைத் தாண்டும் காரணிக்கு முறைத்தாளில் இறுக்கமான வரம்பு எழுதப்படும்.

பி1 மனிதருக்குப் புற்றுநோய் தருவது என உறுதியானது. கையுறை, பழுப்புநிறக் கண்ணாடி கட்டாயம். கழிவைச் சோடியம் ஹைபோகுளோரைட்டில் ஊறவைக்காமல் தொட்டியில் கொட்டக்கூடாது. திங்கள்கிழமை செலக்டிவிட்டி மாதிரிகளோடு தொடங்குகிறோம். அவற்றில் ஒரு ரகம் தவறினாலும் ரெக்கவரிக்குப் போகாமல் கழுவும் படியைத்தான் முதலில் சரிசெய்வோம்.