மே மாதமே துண்டிக்கச் சொன்ன ஃபைபர் இணைய இணைப்புக்கு ரூ. 19,326 கேட்பது தொடர்பான மேல்முறைப்பாடு

திகதி: 01.09.2025
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர் அதிகாரி, தலைமை அலுவலகம், கொழும்பு
பழைய கணக்கு (குருநகர்): கடைசி இலக்கங்கள் 4471
புதிய கணக்கு (கோண்டாவில்): கடைசி இலக்கங்கள் 9038
முறைப்பாட்டு இலக்கங்கள்: 2506091183 (தொலைபேசி, ஜூன் 9), 2214 (யாழ்ப்பாணக் கிளை, ஜூலை 7), 7705216 (மின்னஞ்சல், ஜூலை 30)

வணக்கம்.

மேலே உள்ள மூன்று இலக்கங்களையும் உங்கள் கணினியில் தட்டிப் பார்த்தால் மூன்றும் 'தீர்க்கப்பட்டது' என்றுதான் காட்டும். ஒன்றுமே தீரவில்லை, அதனால்தான் இதை உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன். தயவுசெய்து இதை மறுபடியும் ஹொட்லைன் பிரிவுக்கு அனுப்பி நான்காவது இலக்கம் ஒன்றைத் தர வேண்டாம்.

மே 19ஆம் திகதி நாங்கள் குருநகர் வீட்டை விட்டு கோண்டாவிலுக்கு மாறினோம். பழைய ஃபைபர் இணைப்பை அப்படியே மாற்ற முடியாது, புதிதாக எடுங்கள், பழையதைத் துண்டித்து விடுகிறோம் என்று சொன்னது உங்கள் கிளைதான். அன்றைக்கே துண்டிப்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் இருக்கிறது. ரௌட்டரையும் அதே கவுண்டரில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன். இரண்டு நாள் கழித்து உங்கள் ஆட்களே வந்து குருநகர் வீட்டுக்குப் போன வயரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மே மாதப் பில்லை முழுதாகக் கட்டிவிட்டேன், அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கான காசைக்கூட நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பழைய கணக்குக்கு வந்தவை: ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் தலா ரூ. 3,180, ஆக ரூ. 9,540. ஓகஸ்ட் பில்லில் 'திருப்பித் தராத ரௌட்டர்' என்று ரூ. 9,500. தாமதக் கட்டணம் ரூ. 286. எல்லாம் சேர்த்து ரூ. 19,326. திருப்பித் தரவில்லை என்று பில்லில் போட்டிருக்கும் ரௌட்டரின் தொடர் இலக்கம் 5062 என்று முடிகிறது, உங்கள் கிளை எனக்குத் தந்த பற்றுச்சீட்டிலும் அதே இலக்கம்தான், கையெழுத்தும் உங்கள் ஊழியருடையதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை. மே 19க்குப் பிறகு அந்தக் கணக்கில் டேட்டா பாவனை பூச்சியம் என்பதையும் உங்கள் செயலியே காட்டுகிறது. ரௌட்டர் உங்கள் களஞ்சியத்தில், வயர் உங்கள் வாகனத்தில், பிறகு நான் எதில் பாவிப்பது?

இதுவரை கிடைத்த பதில்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஜூன் 9 தொலைபேசியில் பேசியவர் துண்டிப்பு விண்ணப்பம் எதுவும் பதிவில் இல்லை, மூன்று வேலை நாளில் பார்த்துச் சொல்கிறோம் என்றார். நான்காம் நாள் முறைப்பாடு முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஜூலை 7 கிளைக்கு முத்திரை போட்ட பிரதியோடு போனபோது விண்ணப்பம் இருக்கிறது, கணக்கில் நிலுவை இருப்பதால் சிஸ்டம் துண்டிக்க விடவில்லை என்றார்கள். அந்த நிலுவை என்ன? துண்டிக்காததால் வந்த ஜூன் மாதப் பில். துண்டிக்காததால் நிலுவை, நிலுவை இருப்பதால் துண்டிக்க முடியாது. இதைச் சொன்னபோது கவுண்டரில் இருந்த பிள்ளையே சிரித்துவிட்டு, "மிஸ், எங்களால ஒண்டும் செய்யேலாது, கொழும்பிலதான் செய்ய வேணும்" என்றார். அவரில் எனக்குக் கோபமில்லை. நல்லூர்த் திருவிழா நேரம் மறுபடி போனால், ஆட்கள் குறைவு, தேர் முடிய வாங்கோ என்றார்கள். மின்னஞ்சல் முறைப்பாட்டுக்கு ஏழு வேலை நாள் என்று தானியங்கிப் பதில் வந்தது, ஓகஸ்ட் 11 அதையும் ஒரு விளக்கமும் இல்லாமல் மூடினார்கள்.

இதுவரைக்கும் பொறுத்திருந்தேன். ஆனால் ஓகஸ்ட் 26 பழைய கணக்கின் நிலுவைக்காக, ஒரு சதமும் பாக்கியில்லாத கோண்டாவில் இணைப்பை வெட்டினீர்கள். இரண்டு கணக்கும் ஒரே அடையாள அட்டையில் இருக்கிறதாம். உயர்தரப் பரீட்சைக்கு இருக்கும் மகளின் ஸூம் வகுப்புகள் இரண்டு நாள் போயின, 28ஆம் திகதிதான் திரும்பி வந்தது. அதே வாரம் கடன் அறவிடும் நிறுவனம் ஒன்றிலிருந்து அழைத்து 'சட்ட நடவடிக்கை' என்று பேசினார்கள், அதுவும் நான் வகுப்பில் நிற்கும்போது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். 4471 கணக்கை மே 19ஆம் திகதியிலிருந்து மூடி, ரூ. 19,326 முழுவதையும் நீக்கி, நிலுவை பூச்சியம் என்று எழுத்தில் தாருங்கள். அறவிடும் நிறுவனத்திடமிருந்து என் பெயரைத் திரும்பப் பெற்றதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள், வாயால் சொல்வதை இனி ஏற்க மாட்டேன். இணைப்பு இல்லாத இரண்டு நாளுக்கான வாடகையை 9038 கணக்கில் கழியுங்கள், இந்தச் சர்ச்சை முடியும்வரை அந்த இணைப்பில் கை வைக்க வேண்டாம். ஜூன் 9 தொலைபேசி உரையாடலின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருங்கள், விசாரணை என்று வந்தால் அதைக் கேட்பேன். தவணை முறையில் கட்டலாம், பாதி கழிக்கிறோம் என்ற பேச்சு வேண்டாம், ஏற்கெனவே ஒருவர் கேட்டுவிட்டார். கட்ட வேண்டியதில்லாத காசில் பாதி என்றாலும் அது கட்ட வேண்டியதில்லாத காசுதான்.

செப்டெம்பர் 15, திங்கட்கிழமை மாலை வரை நேரம் தருகிறேன். கடிதம் கிடைத்ததையும் இதைக் கையாளும் அதிகாரியின் பெயரையும் இந்த வாரத்துக்குள் அறியத் தாருங்கள். அந்தத் திகதிக்குள் எழுத்தில் தீர்வு வராவிட்டால், இதே கடிதத்தையும் இணைப்புகளையும் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ள இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். உங்களுக்கு உரிமம் தொடர்பாகக் கேள்வி கேட்கக்கூடியவர்கள் அவர்கள், முதலில் நிறுவனத்திடம் முறையிட்டாயா என்று கேட்டால் காட்ட மேலே உள்ள மூன்று இலக்கங்களும் இருக்கின்றன.

அதோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதுவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஜூன் மாதப் பில்லுக்கு அந்த மூன்று மாதம் இந்த மாத முடிவோடு தீர்கிறது. அதனால்தான் 15ஆம் திகதிக்குப் பிறகு ஒரு நாளும் கூட்டித் தர முடியாது. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் அனுப்பி இந்த மாதத்தைக் கடத்தலாம் என்று யாராவது நினைத்தால், அதைப் பதிலாகவே எடுக்க மாட்டேன். அதிகார சபை விசாரித்து நட்டஈடோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ கட்டளையிடலாம், அப்படிப் போனால் இன்று நான் கேட்கும் இரண்டு நாள் வாடகையோடு நிற்க மாட்டேன்.

இணைப்புகள்: முத்திரையிட்ட துண்டிப்புப் படிவத்தின் பிரதி, ரௌட்டர் பற்றுச்சீட்டு, மே மாதக் கொடுப்பனவுச் சீட்டு, மூன்று பில்கள், குறுஞ்செய்திகளினதும் பாவனைப் பக்கத்தினதும் திரைப்பிடிப்புகள். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கும், கிளையில் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், காட்டுவேன்.

பதிலை மின்னஞ்சலிலேயே தாருங்கள். பேசத்தான் வேண்டுமென்றால் கணக்கில் பதிந்திருக்கும் கைபேசிக்குப் பிற்பகல் இரண்டரைக்குப் பிறகு எடுங்கள், அதற்கு முன் பாடசாலையில் இருப்பேன். பேசியதை அன்றைக்கே எழுதி உங்களுக்கு மின்னஞ்சல் செய்வேன்.

நன்றி.

செ. தவராணி
கோண்டாவில், யாழ்ப்பாணம்