நான்காவது இலக்கம்

கடையில் கூட்டம் அதிகமாக இருந்த மாலை வேளையில் பணம் செலுத்தும் செயலி நின்றுபோனது. வாடிக்கையாளர்கள் தங்கள் கைபேசியில் பணம் போய்விட்டதாகக் காட்டினார்கள். கல்லாப்பெட்டியின் மேல் இருந்த சவுண்ட் பாக்ஸோ வாய் திறக்கவில்லை. கடைக்காரர் கைபேசியை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, இணையத்தில் உதவி எண்ணைத் தேடி, முதலில் வந்ததைப் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். அதே தொல்லையில் தவித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைப் பெரியவருக்கும் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பாட்டும் இல்லை, ‘ஒன்றை அழுத்தவும்’ என்ற குரலும் இல்லை; அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “கவலைப்படாதீர்கள் ஐயா” என்று கனிவாகப் பேசிய இளைஞன், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி, அதில் தோன்றிய ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கினான். சிறிது நேரத்தில் கடைக்காரரின் பழைய செயலி தானாகவே உயிர் பெற்றது. “சரிசெய்துவிட்டேன், பாருங்கள்” என்று அவன் சொன்னதும், அதுவரை மனத்தின் ஓரத்தில் இருந்த சிறு சந்தேகமும் அவருக்குப் போய்விட்டது.

“நின்றுபோன தொகையெல்லாம் உங்கள் கணக்கில் ஏற வேண்டும் ஐயா. இப்போது வரும் பக்கத்தில் பின் எண்ணைப் போடுங்கள்.”

பக்கம் வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் மேலே இருந்த எழுத்துகள் அவருக்கு மங்கலாகவே தெரிந்தன. மூன்று இலக்கங்களை அழுத்திவிட்டு நான்காவதற்கு விரலைக் கொண்டுபோன நேரத்தில், சவுண்ட் பாக்ஸ் கரகரத்தது. “பணம் பெறப்பட்டது” என்றது, மறுபடியும் சொன்னது, தேங்கிக் கிடந்த தொகைகளை ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே போனது.

விரல் அந்தரத்தில் நின்றது. பின் எண்ணை இன்னும் முழுதாகப் போடவே இல்லையே, பணம் எப்படி வருகிறது? கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பக்கத்தின் உச்சியில், ‘செலுத்தும் தொகை’ என்ற சொற்களுக்குக் கீழே, ஐந்து இலக்கத்தில் ஓர் எண் இருந்தது.

“வருகிற பணத்துக்குப் பின் எண் எதற்குத் தம்பி?”

“நேரமில்லை, உடனே போடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு முடங்கிவிடும்.” அந்தக் குரலில் இப்போது ‘ஐயா’ இல்லை.

அழைப்பைத் துண்டித்து, இணைய இணைப்பையும் அணைத்து, புதிதாக இறக்கிய செயலியை நீக்கினார். வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் படிக்க அதைத் திருப்பியபோதுதான் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. கல்லாவைக்கூடப் பூட்டாமல் பக்கத்துக் கடைக்கு ஓடினார். பெரியவர் கைபேசியைக் கண்ணெதிரே பிடித்தபடி, திரையில் வந்த ஒன்பது இலக்கங்களை நிதானமாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சொல்லாதீர்கள்!” என்று கத்தியபடியே அவர் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்கினார்.