டீலர் விருது மாலை: ரன் ஆஃப் ஷோ, வெண்டர் செக்லிஸ்ட் (வரைவு 3)

தயாரித்தது: நிகழ்ச்சிப் பிரிவு பயிற்சியாளர். ஒப்புதல்: புராஜெக்ட் மேனேஜர். வரைவு 2ஐக் கையில் வைத்திருப்பவர்கள் கிழித்துவிடவும். விருதுகளின் வரிசை மாறியிருக்கிறது. பழைய தாளைப் பார்த்து ஒருவர் கோப்பை எடுத்துக் கொடுத்தாலும் மேடையில் குழப்பம்தான்.

விருந்தினர் 300, விருதுகள் 18. நேரம் முழுதும் 24 மணிக் கணக்கில். அரங்கு ஒப்பந்தப்படி 22.00 மணிக்கு மைக், இசை எல்லாம் நிற்க வேண்டும். வாக்கி சேனல் 1 மேடையும் கன்சோலும், 2 வரவேற்பு, 3 வெண்டர்கள். ஷோ நடக்கும்போது சேனல் 1ல் ஷோ காலர் குரல் மட்டுமே. மற்றவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும்.

அரங்கு தயாரிப்பு

07.00 லைட் டிரஸ். மேடை கட்டுவதற்கு முன்பே இது மேலே போய்விட வேண்டும். மேடை வந்த பிறகு டிரஸ்ஸைத் தூக்க இடம் இருக்காது.
08.30 மேடை, 24 × 16 அடி. படிக்கட்டு இரு பக்கமும்.
09.30 எல்இடி சுவர், 60 பேனல். பெட்டிகள் வெளியேறிய பிறகே மேடைக் கம்பளம்.
10.30 ஸ்பீக்கர், கேபிள். நாற்காலி போடுமுன் நடைபாதைக் கேபிள்கள் ரேம்ப்புக்குள் போக வேண்டும்.
12.30 ஜெனரேட்டரில் முழு லோடு, 20 நிமிடம்.
13.00 வீடியோ, ஸ்லைடு எல்லாவற்றையும் ஷோ லேப்டாப்பிலேயே ஒரு முறை ஓட்டுதல்.
14.00 சவுண்ட் செக். எல்இடி சுவர் எரிந்துகொண்டிருக்கும்போதே செய்யவும். சுவர் கிளப்பும் இரைச்சல் வயர்லெஸ் மைக்கைப் பாதிக்கும். அணைத்து வைத்துத் தேர்ந்த அலைவரிசை மாலையில் கொரகொரக்கும்.
15.00 கியூ-டு-கியூ ஒத்திகை, தொகுப்பாளருடன். உரைகளை முழுதாகப் பேச வேண்டாம். முதல் வரி, கடைசி வரி போதும்.
16.30 குழுவினர் 42 பேருக்கும் சாப்பாடு. தள்ளிப்போட்டால் இரவு 20.00 வரை யாருக்கும் கிடைக்காது.
17.00 தளம் தயார்.

ரன் ஆஃப் ஷோ

| நேரம் | நிமிடம் | என்ன | மேடை, ஒலி, ஒளி, திரை |
|---|---|---|---|
| 17.15 | 55 | பதிவு, தேநீர் | மெல்லிசை. திரையில் லோகோ |
| 18.10 | 5 | இருக்கைக்கு அழைப்பு | மேடைக்கு வெளியிலிருந்து குரல் |
| 18.15 | 2 | தொடக்க வீடியோ | ஹவுஸ் லைட் அணைந்த பின் பிளே |
| 18.17 | 3 | வரவேற்பு | தொகுப்பாளர், கை மைக் 1 |
| 18.20 | 10 | நிர்வாக இயக்குநர் உரை | போடியம் மைக். சட்டை மைக் கொண்டவர் பின்மேடையில் |
| 18.30 | 15 | ஆண்டு விற்பனைப் பார்வை | சட்டை மைக் 1, ஸ்லைடு |
| 18.45 | 8 | புதிய தயாரிப்பு அறிமுகம் | கீழே தனிக் குறிப்பு |
| 18.53 | 20 | சிறப்பு விருந்தினர் உரை | சட்டை மைக் 2. மேடை முன் கவுன்ட்டவுன் கடிகாரம் |
| 19.13 | 5 | இடைவெளி | ஷோ காலர் தாளில் மட்டும் |
| 19.18 | 25 | விருதுகள் | கீழே தனிக் குறிப்பு |
| 19.43 | 2 | மேடை மாற்றம் | தொகுப்பாளர் முன்பகுதியில். டிரம்ஸ் சக்கர ரைசரில் உள்ளே |
| 19.45 | 25 | இசைக்குழு | 5 பாடல் |
| 20.10 | 3 | நன்றியுரை | கை மைக் 1 |
| 20.13 | 7 | குழுப்படம் | ஹவுஸ் லைட் முழுதும் |
| 20.20 | 85 | இரவு உணவு | மெல்லிசை |
| 21.45 | – | கதவு மூடல், பிரித்தல் | |

19.13க்கான 5 நிமிடம் பேச்சாளர்களுக்கும் தொகுப்பாளருக்கும் கொடுத்த தாளில் இல்லை. இருப்பது தெரிந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

*18.45 அறிமுகம்.* துணியை விழவைக்கும் கொக்கியை ஒருமுறை இயக்கினால் மறுபடி மாட்ட 20 நிமிடம் ஆகும். எனவே ஒத்திகையில் கடைசிச் சோதனை 15.30க்குள். தொகுப்பாளரின் கடைசி வரி: “இப்போது திரையைப் பாருங்கள்.” அதற்கு 15 விநாடி முன் ஷோ காலர்: “ஸ்டாண்ட்பை வீடியோ 5, லைட் 12, துணி.” வரி முடிந்ததும் “வீடியோ 5, கோ.” வீடியோ 58 விநாடி. 50ல் லைட் 12, 55ல் துணி. துணி விழாவிட்டால் மேடைப் பொறுப்பாளர் பின்னாலிருந்து பாதுகாப்புக் கயிற்றை இழுப்பார். யாரும் முன்பக்கம் ஓட வேண்டாம்.

*19.18 விருதுகள்.* ஒருவருக்கு 75 விநாடி: பெயர், நடை, கோப்பை, படம், இறக்கம். 18க்கும் சேர்த்து 22.5 நிமிடம், 25 போட்டிருக்கிறது. முடிவது இந்தக் கணக்கால் அல்ல, அடுத்த மூவர் இடப்பக்கப் படியில் முன்கூட்டியே நிற்பதால். வலப்பக்கப் படியில் இறக்கவும். கோப்பைகள் ஸ்லைடு எண் வரிசையில், அடியில் அதே எண் ஸ்டிக்கர். 19.00 மணிக்குப் பதிவு மேசையிலிருந்து வராதவர் பட்டியல் வர வேண்டும்; அதே தாள் தொகுப்பாளர், ஸ்லைடு ஆபரேட்டர், கோப்பை மேசை மூவருக்கும். ஒருவருக்கு மட்டும் போனால் பெயர் ஒன்று, படம் ஒன்று என்றாகிவிடும்.

*தாமதமானால்.* 19.18 கணக்குப்படி 5 நிமிடம் வரை: இடைவெளி விழுங்கிக்கொள்ளும். 10 வரை: ஒரு பாடல் குறையும். 15 வரை: இரண்டு பாடல் குறையும், குழுப்படம் உணவுக்கூடத்தில். விருதில் கைவைப்பதில்லை, 300 பேரில் பெரும்பாலோர் அதற்காகவே வருகிறார்கள். முடிவு ஷோ காலருடையது, வாடிக்கையாளர் பிரதிநிதியிடம் சொல்லிவிட்டு.

வெண்டர் செக்லிஸ்ட்

48 மணி நேரம் முன்பும் 24 மணி நேரம் முன்பும் ஒவ்வொருவருக்கும் போன். “எல்லாம் ரெடி சார்” என்ற பதிலுக்கு டிக் போடக் கூடாது. வண்டி எண், வருபவர் எண்ணிக்கை, தளத்தில் பொறுப்பேற்பவர் கைபேசி, புறப்படும் நேரம் நான்கும் அவர்கள் வாயால் வர வேண்டும்.

☐ எல்இடி, 5 × 3 மீட்டர். தீர்மானம் 1920 × 1152. வழக்கமான 1920 × 1080ல் செய்த வீடியோவுக்கு மேலும் கீழும் 36 பிக்சல் கறுப்புப் பட்டை விழும். டிசைனருக்கு இந்த அளவை எழுத்தில் அனுப்பியாயிற்றா? உதிரி பேனல் 3, உதிரி பிராசஸர் 1, ஷோ லேப்டாப் 2. உச்ச மின்தேவை 9 கிலோவாட் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.

☐ ஒலி. கை மைக் 2, சட்டை மைக் 2, போடியம் 1, உதிரி கை மைக் 1. பேட்டரி 18.00க்குப் புதிது, ஒத்திகையில் ஓடியது வேண்டாம். லேப்டாப் ஆடியோவுக்கு டிஐ பாக்ஸ்; சார்ஜர் செருகியதும் வரும் “ஹம்” பெரும்பாலும் அதோடு நிற்கும். இசைக்குழுவின் இன்புட் பட்டியல் கையில் உள்ளதா?

☐ ஒளி. டிம்மர் ஒரு ஃபேஸ், ஒலி வேறு ஃபேஸ். எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து பேனலில் லேபிள் ஒட்டவும்.

☐ ஜெனரேட்டர், 125 கேவிஏ. ஷோ முழுதும் இதில்தான். அரங்க மின்சாரம் மாற்று. மாறும்போது சில விநாடி இருட்டு உண்டு, ஆகவே பிராசஸர், கன்சோல்கள், லேப்டாப்கள் யுபிஎஸ்ஸில். டீசல் அளவு 17.00க்குப் படம் எடுத்து அனுப்பவும். எர்த்திங் சோதித்த பின் கையெழுத்து.

☐ கேட்டரிங். 300 பேர், 10 சதவீதம் கூடுதல், குழு 42 தனி. இருபக்கமும் எடுக்கும் வரிசை 2; அதாவது 4 பக்கம். பக்கத்துக்கு நிமிடம் 4 பேர் என்றால் 20 நிமிடத்தில் எல்லோர் கையிலும் தட்டு. சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் அவர்களிடம் உண்டா? ஒவ்வாமைக் குறிப்பு அட்டைகள் அச்சாயிற்றா? 20.00க்கு மூடி திறப்பதில்லை, வாசனை வந்தால் பாதி அரங்கு எழுந்துவிடும்.

☐ பதிவு மேசை. 4 மேசை, ஒருவருக்கு 30 விநாடி, நிமிடத்துக்கு 8 பேர். முதலெழுத்து வாரியாகப் பிரித்தால் ஒரு மேசையில் மட்டும் கூட்டம் சேரும். எந்த மேசையிலும் எவரும் பதியலாம் என்று வைக்கவும். இணையம் போனால் அச்சிட்ட பெயர்ப்பட்டியல் 4 பிரதி.

☐ அலங்காரம். 16.45க்குள் முடிய வேண்டும். அவசர வழிப் பலகைகளை மறைக்கும் எதுவும் கூடாது. தீயணைப்பான் முன் பூந்தொட்டி வைப்பது வழக்கமான தவறு.

☐ புகைப்படம், வீடியோ. விருது வரிசைத் தாள் 2 பிரதி. குழுப்படத்துக்கு ஏணி.

☐ பிரித்தல். முதலில் ஒலி, பிறகு எல்இடி, கடைசியாக டிரஸ். 00.30க்கு அரங்கு மேலாளரோடு சுற்றிவந்து சுவர், தரை, கதவுகளைப் படம் எடுத்து, 63 பேனலும் 6 மைக்கும் எண்ணி, வெளியேறும் சீட்டில் கையெழுத்து. சீட்டு வந்த பிறகே மீதித் தொகைக்கான பில்லை அனுப்பவும்.